ஹாய்க்குப் பதில் போடாத மெஷின் அக்கா

திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே போகிறார் மெஷின் அக்கா. இடது கையில், அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸ், கழற்றியபடி. அதற்குள் இருக்கும் பஞ்சை ஊதித் தள்ளுகிறார், போனில் வந்திருக்கும் செய்திகளையும் அதே வேகத்தில் தள்ளுகிறார். "ஹாய். ஹாய். ஹாய் சிஸ்டர். ஹலோ. ஹாய். இதோ பாரு, பூனைகூட ஹாய் சொல்ல ஆரம்பிச்சிருச்சு." ஒரு பூனைப் படத்தைக் காட்டிச் சிரித்துவிட்டு அதையும் தாண்டிப் போகிறார். அன்று செவ்வாய்க்கிழமை. அந்தக் காலைக் கணக்கு, பத்தொன்பது ஹாய், இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டுத் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார்.

தையல் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு ஷட்டர் அகலத்தில் அவருடைய கடை. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் பெல்ட். தரையில் கால்வைக்க இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கீழே ஒரு ஊசி கிடந்தால் அது யாருடைய ஊசி, எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழுது பார்ப்பதைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துப் போட ஆரம்பித்தார். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு அந்தக் கை நாற்பதாயிரம் பேருக்குப் பழக்கம். பக்கத்தின் பெயரும் மெஷின் அக்காதான். சொந்தப் பெயரை அவர் எங்கேயும் போடவில்லை. "பேரை வச்சு என்ன தைக்கப் போறாங்க?" என்பார்.

பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு வைத்திருக்கிறார். 'ஹாய் மட்டும் போடாதீங்க. என்ன மெஷின், என்ன கோளாறு, எப்போதிருந்து, நீங்க என்ன செஞ்சு பாத்தீங்க, இதை முதல் மெசேஜிலேயே எழுதுங்க.' அதற்குக் கீழே கருத்துப் பகுதியில் முதல் ஆள் எழுதியிருப்பது என்ன தெரியுமா? 'ஹாய்.' அதை நூற்று நாற்பது பேர் விரும்பியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் அக்கா எல்லா ஹாய்க்கும் பதில் போட்டவர்தான். அந்தக் காலத்து உரையாடல் ஒன்றை நீக்காமல் வைத்திருக்கிறார், கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட. திங்கள் காலை ஒருவன் 'ஹாய்' என்கிறான். அக்கா 'சொல்லுங்க' என்கிறார். அவன் வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் 'எப்படி இருக்கீங்க' என்கிறான். அக்கா அப்போது சமையலில். ராத்திரி 'நல்லா இருக்கேன், சொல்லுங்க' என்று போட, அவன் தூங்கிவிட்டான். செவ்வாய் காலை 'ஒரு டவுட்'. 'கேளுங்க'. மதியம் 'மெஷின் பத்தி'. 'தெரியுது, கேளுங்க'. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கேள்வி பிறக்கிறது. ஊசியை எந்தப் பக்கமாகப் போட வேண்டும். தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும் என்பது ஒரு வரிப் பதில். அதைத் திங்கட்கிழமையே கேட்டிருந்தால் அவன் திங்கட்கிழமையே தைத்திருப்பான். ஒரு கேள்விக்கு இரண்டு நாள் பிரசவ வலி, வலி மட்டும் அக்காவுக்கு.

இன்னொரு செய்தியையும் காட்டுவார். பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பெண் எழுதியது. 'வணக்கம் அக்கா. துணிக்கு அடியில நூல் கொத்தா சிக்குது. ஊசி மாத்திட்டேன், பாபின் மாத்திட்டேன், போகல. நேத்து சுத்தம் பண்ணி நூல் மறுபடி கோத்ததுல இருந்துதான் இப்படி. போட்டோ வச்சிருக்கேன். நாளைக்குப் பத்து செட் கொடுக்கணும்.' அக்கா அப்போது ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் பதில் போய்விட்டது. அடியில் சிக்கினாலும் கோளாறு மேல் நூலில்தான். துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு மூடிக் கிடக்கும், நூல் உள்ளே உட்காராது. தூக்கி வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் நன்றி சொன்னபோது அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வேலை முடிந்துவிட்டது.

அவருடைய வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மனைவியைச் சீண்டுவது அவருடைய இரண்டாவது வேலை. உனக்கு வணக்கம் சொல்வதற்கே டோக்கன் வாங்க வேண்டும் போலிருக்கிறதே என்பார். மரியாதை தெரிந்தவன்தான் முதலில் ஹாய் சொல்கிறான் என்பது அவர் கட்சி.

"கதவைத் தட்டாம உள்ள வரச் சொல்றியா?"

"தட்டட்டும். யாருன்னு கேட்டா வாயைத் திறக்காம நிக்கிறான் பாருங்க, அவனைத்தான் சொல்றேன். வணக்கம் வேணாம்னு யார் சொன்னா? வணக்கத்தோட நின்னுடாதேங்கிறேன்."

ஹாய் போடுகிறவர்களை அக்கா அளந்து வைத்திருக்கிறார். பாதிப் பேருக்கு அது போன் பேசும் பழக்கம். போனில் ஹலோ சொன்னால் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று தெரியும், அப்புறம் பேச்சு. எழுத்தில் மறுமுனையில் ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதி வைத்துவிட்டுப் போனால் அவர் வரும்போது படிப்பார். இது புரியாமல் காலியான அறையில் நின்று ஹலோ ஹலோ என்று கூப்பிடுகிறார்கள். இன்னும் சிலருக்குக் கேள்வியே தயாராக இருக்காது. கோளாறு என்ன என்று யோசிப்பது வேலை, ஹாய் போடுவது வேலை இல்லை. அந்த வேலையை அக்கா தலையில் கட்டுகிறார்கள். சிலர் சூட்சுமக்காரர்கள். கேள்வியை எழுதிவிட்டால் பதில் வராமல் போகலாம், அது அவமானம். ஹாய்க்குப் பதில் வராவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. வந்துவிட்டாலோ ஆள் சிக்கிவிட்டார், இனி முடியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். தூண்டிலில் புழுகூட வைக்காமல் மீன் பிடிக்கிற கூட்டம் இது.

மிச்சம் இருப்பவர்களைப் பற்றி அக்கா என்னிடம் விவரமாகச் சொன்னதில்லை. பெண் நடத்தும் பக்கம், கை வளையல் தெரிகிறது, அது போதும் அவர்களுக்கு. பணம் பறிக்கிறவர்களும் அதே ஒற்றைச் சொல்லில்தான் தொடங்குகிறார்கள். அதில்தான் சங்கடமே. தெரியாதவர்கள் அனுப்பும் செய்திகளை ஆப் தனியாக ஓர் அறையில் போட்டு வைக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே முதல் வரி மட்டும் தெரியும். அதைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'அடியில நூல் சிக்குது' என்று இருந்தால் தையல்காரர் என்று தெரியும். 'ஹாய்' என்று இருந்தால் தையல்காரரும் திருடனும் வழிசலும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற மாதிரி. அக்கா அந்த வரிசையை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் அக்காவின் தம்பி பேசவில்லை. வெளிநாட்டில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் குரல் பதிவு ஒன்று அனுப்புவார். அதில் விசேஷம் ஒன்றும் இருக்காது. இன்றைக்குக் குளிர், நேற்று சோறு குழைந்துவிட்டது, அத்தான் வேனுக்கு டயர் மாற்றினாரா, இப்படித்தான். அக்கா அதைக் கடையைத் திறந்ததும் மெஷின் சத்தத்துக்கு நடுவே போட்டுக் கேட்பார். திங்கட்கிழமை அது வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஓவர்டைமாக இருக்கும் என்றார். புதன்கிழமை கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. வியாழக்கிழமை கம்பெனி எண்ணுக்குப் போட்டால் ஒரு பதிவுக் குரல், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை மணி நேரம் விரலுக்கு வேலை கொடுத்துவிட்டுத் துண்டித்துக்கொண்டது. அன்று அவர் ஒரு மெஷினைப் பூட்டிவிட்டு, திருகு ஒன்று மிச்சமாகக் கையில் இருப்பதைப் பார்த்து, மறுபடி முழுக்கக் கழற்றினார். அவர் கையில் திருகு மிஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை, கிடங்கில் வேலை பார்க்கும் யாராவது ஒருவரைப் பிடித்துவிட வேண்டும் என்று தம்பியின் பக்கத்தில் இருந்த பழைய படங்களைத் துழாவினார்கள். அக்காவுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. கண்டுபிடித்தது வீட்டுக்காரர். நான்கு பேர் ஆரஞ்சுச் சட்டையில் ஒரு கண்டெய்னர் முன்னால் நிற்கும் படம். கீழே ஒருவர் தமிழில் எழுதியிருந்தார், 'அண்ணே, உங்க கண்ணு மூடியிருக்கு.' அவர் பெயரைத் தொட்டால் அவருடைய பக்கம் வந்தது. முகப்பில் ஒரு பூனை.

அக்கா செய்தி எழுதும் இடத்தைத் திறந்தார். அது காலியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, 'ஹாய்'. செவ்வாய் சாயங்காலம், 'ஹாய் அக்கா'. புதன்கிழமை, 'இருக்கீங்களா?' வியாழக்கிழமை, கையசைக்கும் பொம்மை ஒன்று.

பக்கத்துக் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பூனையைத்தான் அக்கா மூன்று நாளைக்கு முன்னால் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். அதற்குள் தம்பியைப் பற்றிய சேதி இருந்திருக்கிறது.

"நாலு நாள்," என்றார். "நாலு நாளா கையில சேதியை வச்சுக்கிட்டு ஹாய் போட்டிருக்கான். படுபாவி."

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், முதலில் கேள் என்றார் வீட்டுக்காரர். அக்கா 'என்ன?' என்று ஒரு சொல் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். அழித்தார்.

"என்னன்னு கேட்டா அவன் எப்படி இருக்கீங்கம்பான். அவனுக்கு அங்க பத்து நிமிஷம்தான் பிரேக்கு. லாக்கர்ல போனை வச்சுட்டுப் போயிட்டான்னா மறுபடி எப்போ எடுப்பானோ."

தம்பி எப்போதோ ஒரு குரல் பதிவில் சொன்னது அது, வேலை நேரத்தில் போன் கையில் இருக்கக் கூடாது, இடைவேளையில் மட்டும்தான் என்று. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் எழுத ஆரம்பித்தார். பிழை வந்த இடத்தில் நிற்கவில்லை. அனுப்பும் முன் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டியதால் எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது.

'கண்ணு மூடியிருக்குன்னு நீங்க எழுதின போட்டோவுல இருக்கானே, நான் அவனோட அக்கா. தம்பி திங்கட்கிழமையில இருந்து பேசல, போன் ஆஃப். நீங்க அவன்கூட வேலை பாக்குறவர்னு போட்டோவுல பாத்தேன். அவன் உயிரோட இருக்கானா? எங்க இருக்கான்? என்ன ஆச்சு? அவன்கிட்ட நேரடியாப் பேச ஒரு நம்பர் வேணும், எத்தனை மணிக்குக் கூப்பிடலாம்னும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் அப்படியே எழுதுங்க, மறைக்காதீங்க. என் நம்பர் கீழ இருக்கு.'

இதில் குறைக்க ஒன்றும் இல்லை, கூட்டவும் இல்லை. படிக்கிறவர் திரும்பி ஒரு கேள்வி கேட்கத் தேவையில்லாத செய்தி அது. அனுப்பினார். அவர் பார்த்த குறி உடனே வரவில்லை. ஒரு மணி நேரம் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்து மெஷினை வைத்துவிட்டு, கோளாறு என்ன என்று கேட்டதற்கு, நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பதினொன்றே காலுக்குப் பார்த்த குறி வந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற மூன்று புள்ளி வந்தது, போனது, வந்தது. பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அண்ணன் நல்லா இருக்கார். ஞாயித்துக்கிழமை டூட்டியில பெட்டி அடுக்கு சரிஞ்சு கால் முறிஞ்சிருச்சு. திங்கட்கிழமை ஆபரேஷன் பண்ணிக் கம்பி வச்சிருக்காங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல, நல்லா சாப்பிடுறார். போன் அடியில மாட்டி நொறுங்கிப் போச்சு, நம்பரெல்லாம் அதோட போச்சு. வார்டு நம்பர் இது. உங்க நேரத்துக்கு இப்பவே கூப்பிடலாம், நர்ஸ்கிட்ட பேர் சொல்லுங்க. கம்பெனியில இருந்து ஃபார்ம்ல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாத்தாங்க, அது உபயோகத்துல இல்லன்னு வந்துச்சாம்.

அது அக்காவின் பழைய எண். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாற்றியது.

கடைசியில் அவர் இன்னும் ஒரு பத்தி எழுதியிருந்தார். அண்ணனுக்கு நினைவில் இருந்தது மெஷின் அக்கா என்ற பக்கத்தின் பெயர் மட்டும்தானாம். பக்குவமாகச் சொல் என்றாராம். 'முதல் மெசேஜிலேயே ஆக்சிடெண்ட்னு போட்டா நீங்க பயந்துடுவீங்கன்னுதான் ஹாய் போட்டேன். நீங்க பதில் போட்டதும் மெல்ல சொல்லலாம்னு இருந்தேன்.'

மெல்லச் சொல்வதற்காக நான்கு நாள் காத்திருந்த கருணையை என்னவென்று சொல்வது? அந்த நான்கு நாளில் அக்கா மனதுக்குள் தம்பியை எத்தனை விதமாகச் சாகடித்திருப்பார் என்று அந்த மனிதருக்கு ஒரு நிமிடமும் தோன்றவில்லை. 'உங்க தம்பிக்குக் கால் முறிஞ்சிருக்கு, ஆபத்தில்ல, இந்த நம்பர்ல பேசுங்க.' ஒரே வரி. பூட்டிய அறைக்குள் இருந்தாலும் அந்த வரியின் முதல் சொற்கள் வெளியே தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்தொன்பது ஹாய்க்கு நடுவே அது மட்டும் தனியாகக் கத்தியிருக்கும். தம்பியையும் சொல்ல வேண்டும். அக்கா ஹாய்க்குப் பதில் போடமாட்டார் என்பது உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்குத் தெரியும். மயக்க மருந்தில் கிடந்தவருக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை, அவரை விட்டுவிடலாம். அக்காவை விட்டுவிட முடியுமா என்று அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரே மாதிரி மூடிய டப்பாக்களை நாள் தவறாமல் அனுப்பி வைத்தவர்கள்தான் அவருக்குத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பூனைக்காரரின் டப்பாவும் அவர்களுடைய டப்பா மாதிரியேதான் இருந்தது.

இவ்வளவையும் நான் இப்போது சொல்கிறேன். அப்போது அக்கா அந்தக் கடைசிப் பத்தியைப் படித்து முடிக்கவே இல்லை. வார்டு எண்ணை ஒரு துணிச் சீட்டில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டு, போனை மெஷின் மேசையில் வைத்து, வெளிச்சத்தம் கேட்காமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். வீட்டுக்காரர் இறக்கினார். நர்ஸ் எடுத்தார், பெயரைக் கேட்டார், காத்திருக்கச் சொன்னார். சக்கரம் வைத்த ஏதோ ஒன்றை யாரோ தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல், கொஞ்சம் கரகரத்து, ஆனால் அவருடையதுதான்.

"அக்கா, எப்படி இருக்கே? அத்தான் நல்லா இருக்காரா? கடையெல்லாம்..."

"எந்தக் கால்?" என்றார் அக்கா.

"இடது. முட்டிக்குக் கீழே."

அக்காவின் கை மேசைக்கு அடியில் இறங்கித் தன்னுடைய இடது முட்டிக்குக் கீழே பிடித்தது. தம்பி குளிரைப் பற்றியும் ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார். இவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்து போனை வைத்த பிறகும் கை அங்கேயே இருந்தது, எலும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு.